பணத்தை நிறுத்தி வைத்திருப்பதை சப்ளையருக்கு எப்படி எழுதுவது?

"பொருள்: ஜிஎஸ்டி மிஸ்மேட்ச் – மிக அவசரம்.

ஐயா, தங்களின் ஜிஎஸ்டி தாக்கல் எங்கள் பதிவோடு ஒத்துப்போகவில்லை. ஆகவே தங்களுக்குச் சேர வேண்டிய பணம் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. உடனடியாகச் சரிசெய்து தெரிவிக்கவும். தவறினால் தாமதத்துக்கு நிறுவனம் பொறுப்பேற்காது."

நம் ஊர் கம்பெனிகளின் கணக்குப் பிரிவுகளிலிருந்து மாதந்தோறும் இப்படிப்பட்ட மின்னஞ்சல்கள் போய்க்கொண்டே இருக்கின்றன. ஆங்கிலத்தில் எழுதினாலும் தமிழில் எழுதினாலும் சாரம் இதுதான். இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை, மரியாதைக்கும் குறைவில்லை. ஆனால் இதைப் படிக்கிறவரால் எதையும் சரிசெய்ய முடியாது. எந்த பில், எந்த மாதம், எவ்வளவு வித்தியாசம், எங்கே திருத்த வேண்டும், எவ்வளவு பணம் நிற்கிறது என்ற ஐந்தில் ஒன்றுகூட இதில் இல்லை.

இந்தக் கடிதத்தைச் சரியாக எழுதுவது எப்படி என்று ஒரு பில்லை வைத்தே பார்க்கலாம். கோயம்புத்தூரில் பம்ப் செட் தயாரிக்கும் ஒரு கம்பெனி, அதற்கு இரும்பு வார்ப்படம் செய்து தரும் ஒரு சிறு ஃபவுண்டரி என்று வைத்துக்கொள்வோம். ஃபவுண்டரி 2025 ஜூன் 18-ம் தேதி C-187/25-26 என்ற எண்ணில் ஒரு பில் போடுகிறது. சரக்கின் மதிப்பு 2,40,000 ரூபாய். வார்ப்படத்துக்கு 18 சதவீத வரி, அதாவது 43,200. மொத்தம் 2,83,200 ரூபாய். சரக்கு ஜூன் 20-ம் தேதி கம்பெனிக்கு வந்து சேர்கிறது. 45 நாளில் பணம் என்பது பேச்சு. ஆக, ஆகஸ்ட் 4-ம் தேதி பணம் போயாக வேண்டும்.

இதற்கிடையில் என்ன நடக்கிறது? ஜூன் மாத விற்பனையைப் பட்டியல் போட்டுக் காட்டும் GSTR-1 என்ற படிவத்தை ஃபவுண்டரி ஜூலை 11-ம் தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அதில் ஏறும் ஒவ்வொரு பில்லும், வாங்கியவரின் ஜிஎஸ்டி எண்ணைப் பிடித்துக்கொண்டு அவருடைய கணக்குக்குப் போய்ச் சேரும். அப்படி வந்து சேர்ந்தவற்றின் தொகுப்புதான் 14-ம் தேதி தயாராகும் GSTR-2B. சப்ளையரிடம் கட்டிய வரியை, வாங்கியவர் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம் அல்லவா? அந்த உள்ளீட்டு வரி வரவுக்கு இந்த 2B-தான் ஆதாரம். முன்பெல்லாம் சப்ளையர் காட்டாத பில்லுக்கும் ஓரளவு வரவு எடுக்க இடம் இருந்தது. 2019 அக்டோபரில் 20 சதவீதம் என்று வைத்திருந்த அந்த இடத்தை 10 ஆக்கி, 5 ஆக்கி, 2022 ஜனவரி 1 முதல் முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். இன்று சப்ளையர் காட்டினால் உண்டு, காட்டாவிட்டால் இல்லை.

நம் ஃபவுண்டரியின் பில் 2B-யில் வந்திருக்கிறது. பில் எண் சரி, தேதி சரி, கம்பெனியின் ஜிஎஸ்டி எண்ணும் சரி. மதிப்பு மட்டும் 2,04,000 என்று இருக்கிறது. வரி 36,720. பில்லோடு ஒப்பிட்டால் மதிப்பில் 36,000 ரூபாயும் வரியில் 6,480 ரூபாயும் குறைகின்றன. கணக்குப் பிள்ளைகளுக்குப் பழக்கமான ஒரு சோதனை உண்டு: வித்தியாசம் 9-ஆல் மீதமில்லாமல் வகுபட்டால், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். 36,000 அப்படித்தான் வகுபடுகிறது. 40 என்று அடிக்க வேண்டிய இடத்தில் 04 விழுந்திருக்கிறது. ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கு இ-இன்வாய்ஸ் கட்டாயம். அங்கே பில்லின் எண்கள் தானாகவே GSTR-1-க்குள் போய்விடும். அதற்குக் கீழே உள்ள சிறு பட்டறைகளில் பில்லை ஒருவர் பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்வதால் இந்த மாதிரிப் பிழை வருகிறது. இதில் ஏய்ப்பும் இல்லை, அலட்சியம் என்று சொல்லவும் முடியாது.

இப்போது மேலே உள்ள அந்தப் பழைய மின்னஞ்சல் ஃபவுண்டரிக்குப் போகிறது. அதைத் திறப்பது முதலாளி. உலை, மணல், கூலி என்று ஓடிக்கொண்டிருக்கும் அவர் தன் ஆடிட்டரைக் கூப்பிடுவார். ஆடிட்டர் அலுவலகத்துப் பையன் இணையதளத்தைத் திறந்து பார்ப்பான். ஜூன் மாத GSTR-1 தாக்கல் ஆகிவிட்டது என்று அங்கே தெளிவாக இருக்கும். அதைப் படம் பிடித்து அனுப்புவான். முதலாளி அதைக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டு போனில் பேசுவார்.

"ஏனுங்க, எல்லாம் ஃபைல் பண்ணியாச்சுன்னு ஆடிட்டர் சொல்றாருங்க. நீங்க எதுக்குப் பணத்தை நிறுத்தி வெச்சிருக்கீங்க?"

"ஃபைல் பண்ணியிருக்கீங்க சார், ஆனா டேலி ஆகலை."

"என்னங்க டேலி ஆகலை?"

"உங்க ஆடிட்டரையே கேளுங்க சார்."

இரண்டு தரப்பும் உண்மையைத்தான் பேசுகின்றன. தாக்கல் ஆனதும் உண்மை, தொகை ஒத்துவராததும் உண்மை. ஆனால் 2,04,000 என்ற அந்த ஓர் எண்ணை யாரும் வாயால் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால் முதல் போனிலேயே விஷயம் முடிந்திருக்கும்.

இந்த உரையாடலிலிருந்து கடிதம் எழுதுகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. கடிதத்தைத் திறக்கிறவர் வேறு, பிழையைத் திருத்துகிறவர் வேறு. முதலாளிக்குத் தெரிய வேண்டியது பணம் எவ்வளவு வரும், எப்போது வரும் என்பது. ஆடிட்டர் அலுவலகத்துக்குத் தெரிய வேண்டியது எந்த வரியில் எதை மாற்ற வேண்டும் என்பது. முதலாளி ஒரு சொல்லும் சேர்க்காமல் அப்படியே ஆடிட்டருக்குத் தள்ளிவிட்டாலும் வேலை நடக்கும்படி கடிதம் இருக்க வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற திருத்தங்கள் எல்லாம் தாமாகவே வரும்.

ஆனால் எழுதும் முன் நம் பக்கத்தைப் பார்த்துவிட வேண்டும். ஒத்துப்போகாத பில்களில் தவறு எப்போதும் சப்ளையருடையதாக இருப்பதில்லை. நம் கொள்முதல் பதிவில் நாமே எண்ணைத் தவறாக ஏற்றியிருக்கலாம். ஆகவே பில்லின் மூலப் பிரதியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும். வேறு மாநிலத்தில் கிளை இருந்தால், ஆர்டரில் அந்தக் கிளையின் ஜிஎஸ்டி எண்ணை நாமே கொடுத்திருக்கலாம். 15 எழுத்து கொண்ட அந்த எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டுக்கு 33. அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இன்னொன்று, 2024 அக்டோபரில் வந்த ஐஎம்எஸ் என்ற பில் நிர்வாகப் பக்கம். சப்ளையர்கள் ஏற்றும் பில்களை வாங்கியவர் அங்கே ஏற்கலாம், நிராகரிக்கலாம், நிலுவையில் வைக்கலாம். ஒன்றும் செய்யாவிட்டால் ஏற்றதாகவே எடுத்துக்கொள்ளப்படும். நம் அலுவலகத்தில் யாராவது கை தவறி நிராகரித்திருந்தால் அந்த பில்லின் வரவு 2B-யில் கிடைக்காது. அதற்கு சப்ளையரின் பணத்தை நிறுத்தினால் அது பெரிய அநியாயம்.

மூன்றாவதாக, காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆண்டு விற்பனை 5 கோடிக்குள் இருந்தால் இந்த வசதியை எடுத்துக்கொள்ளலாம். அவர்களுடைய ஏப்ரல் மாத பில், ஜூன் முடிந்து ஜூலையில்தான் கணக்கில் ஏறும். மே மாதம் 2B-யைப் பார்த்துவிட்டு "நீங்கள் தாக்கல் செய்யவில்லை" என்று அவருக்கு எழுதினால், சட்டப்படி நடந்த ஒருவரைக் குற்றவாளியாக்குகிறோம். காலாண்டின் முதல் இரண்டு மாத பில்களையும் முன்கூட்டியே ஏற்றுவதற்கு ஐஎஃப்எஃப் என்ற வசதி இருக்கிறது. அடுத்த மாதம் 13-ம் தேதிக்குள் அதில் ஏற்றினால் வாங்கியவருக்கு அந்த மாதமே வரவு கிடைக்கும். அவரிடம் கேட்க வேண்டியது அதுதான். அந்தக் கடிதத்தில் பணம் நிறுத்தம் என்ற பேச்சே வேண்டியதில்லை.

நம் ஃபவுண்டரி மாதாமாதம் தாக்கல் செய்கிறது, நம் பதிவும் சரி, ஐஎம்எஸ்ஸிலும் யாரும் கை வைக்கவில்லை. இனி கடிதத்தை எழுதலாம். தேதி ஜூலை 15.

> பொருள்: பில் C-187/25-26, 18-06-2025 – GSTR-1-ல் ரூ.36,000 குறைவு – ஜூன் மாத GSTR-3B-க்கு முன் திருத்த வேண்டுகிறோம்
>
> வணக்கம் ஐயா,
>
> மேற்கண்ட பில்லுக்கான வார்ப்படங்கள் ஜூன் 20 அன்று வந்து சேர்ந்தன. சரக்கிலும் விலையிலும் எங்களுக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை.
>
> உங்கள் ஜூன் மாத GSTR-1-ல் இந்த பில்லின் மதிப்பு 2,40,000-க்குப் பதிலாக 2,04,000 என்று பதிவாகியிருக்கிறது. இலக்கம் இடம் மாறியிருக்கலாம் என்று நினைக்கிறோம். பில் எண், தேதி, எங்கள் ஜிஎஸ்டி எண் மூன்றும் சரியாக உள்ளன.
>
> பில்லின்படி: மதிப்பு ரூ.2,40,000, வரி ரூ.43,200
> எங்கள் GSTR-2B-யின்படி: மதிப்பு ரூ.2,04,000, வரி ரூ.36,720
> வித்தியாசம்: மதிப்பில் ரூ.36,000, வரியில் ரூ.6,480
>
> இந்த பில்லுக்கு ஆகஸ்ட் 4 அன்று ரூ.2,76,720 உங்கள் கணக்குக்கு வந்துவிடும். வரி வித்தியாசமான ரூ.6,480 மட்டுமே நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. உங்கள் மற்ற பில்களுக்கு உரிய பணம் வழக்கம்போல் வரும்.
>
> உங்கள் ஆடிட்டருக்கு: ஜூன் மாத GSTR-3B இன்னும் தாக்கல் ஆகவில்லை என்றால், அதற்கு முன் GSTR-1A-யில் இந்த பில்லைத் திருத்தவும். தாக்கல் ஆகிவிட்டது என்றால், ஜூலை மாத GSTR-1-ல் 9A அட்டவணையில் திருத்தவும். புதிய பில்லோ டெபிட் நோட்டோ வேண்டாம்.
>
> திருத்தம் எங்கள் ஐஎம்எஸ் பக்கத்தில் தெரிந்தவுடன் ரூ.6,480-ஐயும் விடுவிக்கிறோம். ஆகஸ்ட் 4-க்கு முன் தெரிந்தால் முழுத் தொகையும் அன்றே வரும்.
>
> உங்கள் பதிவில் 2,40,000 என்றே இருந்தால் அந்தப் பக்கத்தின் நகலை அனுப்புங்கள். நாங்கள் எங்கள் பக்கம் பார்க்கிறோம்.
>
> இணைப்பு: பில் நகல், GSTR-2B-யில் இந்த பில்லுக்குரிய வரி.
>
> கணக்குப் பிரிவு (பெயர், கைபேசி எண்)

பழையதைவிட நீளம்தான். ஆனால் இதற்குப் பதிலாக ஒரு கேள்வியும் கேட்க வேண்டிய தேவை இல்லை. இதில் சில இடங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பொருள் வரியில் "அவசரம்" என்ற சொல் இல்லை. அதன் இடத்தை பில் எண்ணும் தொகையும் கெடுவும் எடுத்துக்கொண்டன. ஆடிட்டர் அலுவலகத்துக்கு ஒரே நாளில் பல பட்டறைகளிலிருந்து கடிதங்கள் வரும். எல்லாவற்றிலும் "மிக அவசரம்" என்றே இருந்தால் எதை முதலில் எடுப்பது? ஜூன் மாத 3B-க்கு முன் என்று இருப்பதை அவர்கள் கட்டாயம் முதலில் எடுப்பார்கள். மாதாந்திர 3B-யின் கடைசி நாள் ஜூலை 20 என்பது அவர்களுக்குத் தெரியும்.

சரக்கிலும் விலையிலும் ஆட்சேபம் இல்லை என்ற வாக்கியத்தைப் பலர் எழுதுவதில்லை. எழுத வேண்டும். பணம் நிற்கிறது என்று கேட்டவுடன் ஒரு ஃபவுண்டரிக்காரர் மனதில் ஓடுவது வரி விவகாரம் அல்ல. வார்ப்படத்தில் ஓட்டை விழுந்துவிட்டதா, லாட்டைத் திருப்பி அனுப்பப்போகிறார்களா, அடுத்த ஆர்டர் வராதா என்றுதான் பதறுவார். அந்தப் பதற்றத்தை முதல் வரியிலேயே நீக்கிவிடலாம். அதோடு, விலைக் குறைப்பு பற்றிய பேச்சு ஏதாவது நடந்து, அதன்படி அவர் வேண்டுமென்றே குறைத்துக் காட்டியிருக்க வாய்ப்பில்லை என்பதும் இதனால் பதிவாகிறது.

"தவறு செய்துள்ளீர்கள்" என்று எழுதாமல் "பதிவாகியிருக்கிறது" என்று எழுதியிருப்பதும் காரணத்தோடுதான். நமக்குத் தெரிந்தது 2B-யில் என்ன இருக்கிறது என்பது மட்டும். அவர் அலுவலகத்தில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியாது. தெரிந்ததை உறுதியாகவும், ஊகத்தை ஊகமாகவும் எழுதினால் போதும். இலக்கம் இடம் மாறியிருக்கலாம் என்ற ஊகத்தைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அது திருத்துகிறவரின் கண்ணை நேராக அந்த இடத்துக்குக் கொண்டுபோகிறது. எவையெல்லாம் சரியாக இருக்கின்றன என்று சொன்னதும் அதே காரணத்துக்காக. பில் எண்ணில் உள்ள சாய்கோட்டையும் தேதியையும் அவர்கள் மறுபடி சரிபார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

அடுத்தது பணம். இந்தக் கடிதத்தில் மிகப் பெரிய மாற்றம் இங்கேதான். பழைய கடிதம் 2,83,200 ரூபாயையும் நிறுத்தியது. பல இடங்களில் அந்த சப்ளையரின் மற்ற பில்களையும் சேர்த்தே நிறுத்திவிடுகிறார்கள். கம்பெனிக்கு இப்போது கிடைக்காமல் இருப்பது 6,480 ரூபாய் வரவு. 36,720 ரூபாய் 2B-யில் வந்துவிட்டது. அதை ஜூன் மாதத்துக்கே எடுத்துக்கொள்ளலாம். 6,480-க்காக அதைப் போல நாற்பது மடங்குக்கும் மேற்பட்ட தொகையைப் பிடித்து வைப்பதில் நியாயம் இல்லை என்பது என் உறுதியான கருத்து. வாரக் கடைசியில் கூலி கொடுக்க வேண்டிய பட்டறை அது.

நியாயம் ஒருபுறம் இருக்கட்டும், சட்டமும் அந்தப் பக்கமே நிற்கிறது. 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கியவர், எழுத்து மூலமான ஒப்பந்தம் இருந்தாலும் சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்க முடியாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான். மீறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாகச் சேரும். கெடு தாண்டிய அந்தப் பாக்கி நிதியாண்டு முடிவிலும் நின்றுபோனால், வருமான வரிக் கணக்கில் அந்த ஆண்டுச் செலவாகக் காட்டவும் முடியாது. கொடுக்கும் ஆண்டில்தான் காட்ட முடியும். ஜிஎஸ்டி சட்டத்திலும் ஒரு கெடு இருக்கிறது. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால், எடுத்த வரவை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். நம் பில்லுக்கு அந்த நாள் டிசம்பர் 15. ஆக, வரவைக் காப்பாற்றுவதற்காகப் பணத்தை நிறுத்தி, நிறுத்திய காரணத்தாலேயே இருக்கிற வரவையும் இழக்கிற நிலை வரலாம்.

6,480-ஐ மட்டும் நிறுத்துவதற்கும் ஓர் அடிப்படை வேண்டும். வரி வரவு வராத அளவுக்குத் தொகையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று பர்ச்சேஸ் ஆர்டரில் நிபந்தனை இருந்தால், அதன் எண்ணைக் கடிதத்தில் குறிப்பிடலாம். அப்படி ஒரு நிபந்தனையே இல்லையென்றால் நிறுத்துவது பேச்சுவார்த்தைதானே தவிர உரிமை ஆகாது. நிபந்தனை இருந்தாலும்கூட 45 நாள் கெடுவை அது தள்ளிவைக்காது.

இதனால்தான் எப்போது விடுவிப்போம் என்ற வாக்கியம் மிக முக்கியமாகிறது. "2B-யில் வந்ததும் தருகிறோம்" என்றுதான் வழக்கமாக எழுதுவார்கள். நம் பில்லை வைத்து அதைச் சோதித்துப் பாருங்கள். ஃபவுண்டரி ஜூலை 16-ம் தேதியே GSTR-1A-யில் திருத்திவிட்டாலும், அந்தத் திருத்தம் அடுத்த மாத 2B-யில்தான் வரும். அது தயாராவது ஆகஸ்ட் 14. பணம் போக வேண்டிய கடைசி நாளோ ஆகஸ்ட் 4. சொன்னதைச் செய்த சப்ளையர் பத்து நாள் சும்மா காத்திருக்க வேண்டும், கம்பெனியும் கெடுவைத் தாண்டிவிடும். ஆனால் சப்ளையர் ஏற்றியது கம்பெனியின் ஐஎம்எஸ் பக்கத்தில் முன்பாகவே தெரிந்துவிடும். அதைப் பார்த்து விடுவித்தால் இரண்டு தரப்புக்கும் நஷ்டம் இல்லை. திருத்தித் தாக்கல் செய்ததற்கான ஒப்புகையை வாங்கி வைத்துக்கொள்வது கூடுதல் பாதுகாப்பு.

GSTR-1A என்பது 2024-ல் வந்த வசதி. GSTR-1 தாக்கல் செய்த பிறகு, அதே மாத 3B-யைத் தாக்கல் செய்யும் வரை பிழையைத் திருத்திக்கொள்ள அது இடம் தருகிறது. வாங்கியவரைப் பொறுத்தவரை 1A-யில் திருத்தினாலும், அடுத்த மாத GSTR-1-ல் திருத்தினாலும், வரவு வருவது ஒரே ஆகஸ்ட் 14-தான். வேறுபாடு ஃபவுண்டரிக்கு. 2,04,000 என்ற எண்ணை வைத்தே 3B-யில் வரி கட்டிவிட்டால், விட்டுப்போன 6,480-க்கு ஆண்டுக்கு 18 சதவீதம் வட்டி விழும். மாதத்துக்கு ஏறத்தாழ 97 ரூபாய்தான். தொகை சிறிது, ஆனால் அதைத் தவிர்க்க முடியும் என்று நாம் முன்கூட்டியே சொன்னால், நம் வரவை மட்டும் நினைத்து எழுதவில்லை என்பது அவருக்குப் புரியும்.

அதனால் கடிதத்தின் சொற்களைவிடத் தேதிக்குத்தான் பலம் அதிகம். 14-ம் தேதி 2B வருகிறது, 20-ம் தேதி 3B-யின் கெடு. இடையில் இருப்பது ஐந்தாறு நாள். அதற்குள் கடிதம் போய்விட வேண்டும். பெரும்பாலான கம்பெனிகளில் பணம் அனுப்பும் நாளில், அதாவது ஆகஸ்ட் 4-ம் தேதிதான், ஒத்துப்பார்த்துவிட்டு அன்றைக்கே "நிறுத்தம்" என்று எழுதுகிறார்கள். அப்போது 1A-யின் வழி மூடிப்போயிருக்கும். ஜூலை மாத GSTR-1-ல் 9A அட்டவணையில், ஆகஸ்ட் 11-க்குள் திருத்தச் சொல்வதுதான் மிச்சம். தாமதமாகக் கண்டுபிடித்தது நாம் என்றால் அந்த முறை 6,480-ஐயும் கொடுத்துவிட்டுத் திருத்தச் சொல்வதுதான் நேர்மை. 

"புதிய பில்லோ டெபிட் நோட்டோ வேண்டாம்" என்ற வரியை அனுபவம் உள்ளவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். பணம் நிற்கிறது என்ற அவசரத்தில், குறைந்த 36,000-க்கு இன்னொரு பில் போட்டு அனுப்பிவிடுகிற பட்டறைகள் உண்டு. அப்போது ஒரே சரக்குக்கு 2,40,000-க்கும் ஒரு பில், 36,000-க்கும் ஒரு பில் என்று ஆகிவிடும். ஒரு பிழை இரண்டாகி, இரு தரப்புப் புத்தகமும் குழம்பும். பில் சரியாகத்தான் இருக்கிறது, தாக்கலை மட்டும் திருத்தினால் போதும்.

எல்லாப் பிழைக்கும் இதே வழியைச் சொல்லிவிடவும் கூடாது. ஜிஎஸ்டி எண்ணையே மாற்றி ஏற்றியிருந்தால், அதாவது நம் பில் வேறு யாருடைய கணக்கிலோ போய்ச் சேர்ந்திருந்தால், அதை 1A-யில் திருத்த முடியாது. பிந்தைய மாத GSTR-1-ல்தான் முடியும். நம் எண்ணே இல்லாமல் சில்லறை விற்பனையாகக் காட்டியிருந்தால் 2B-யில் அந்த பில் அடியோடு இருக்காது. அப்போது நிறுத்தும் தொகை முழு வரி, அதாவது 43,200. கடிதத்தில் "குறைவு" என்ற சொல் "காணவில்லை" என்று மாறும். மற்றபடி அமைப்பு இதேதான்.

இணைப்பில் ஓர் எச்சரிக்கை. 2B-யை எக்செல் கோப்பாக இறக்கி அப்படியே சப்ளையருக்கு அனுப்பிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் நாம் யார் யாரிடம் என்னென்ன தொகைக்கு வாங்கினோம் என்பது முழுவதும் இருக்கிறது. போட்டி ஃபவுண்டரிக்கு எவ்வளவு ஆர்டர் போகிறது என்று இவர் தெரிந்துகொள்வார். அந்த ஒரு பில்லுக்குரிய வரியை மட்டும் வெட்டி அனுப்ப வேண்டும்.

கடிதம் போன பிறகு, ஜூலை 18-ம் தேதி ஒரு போன் செய்யலாம். "அண்ணா, 1A போட்டாச்சுங்களா? 20-ம் தேதிக்கு முன்னாடி போட்டா உங்களுக்கும் வட்டி மிச்சம்" என்று சொன்னால் போதும், நிறுத்தத்தைப் பற்றி மறுபடி பேச வேண்டாம். திருத்தம் தெரிந்து பணம் போனதும், பில் எண்ணையும் வங்கிப் பரிமாற்ற எண்ணையும் போட்டு இரண்டு வரியில் இன்னொரு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். அதைப் பெரும்பாலோர் அனுப்புவதில்லை. சப்ளையரின் புத்தகத்தில் 6,480 ரூபாய் வர வேண்டிய பாக்கியாகவே நின்றுகொண்டிருக்கும், ஆண்டு முடிவில் கணக்கை ஒத்துப்பார்க்கும்போது அது மறுபடி ஒரு சச்சரவாகக் கிளம்பும்.

எத்தனை முறை எழுதியும் திருத்தாத சப்ளையர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கடிதத்தில் சட்டப் பிரிவுகளை அடுக்குவதைவிட ஒரு தேதியை நினைவூட்டினால் போதும். 2025-26 நிதியாண்டின் பில்லைத் திருத்துவதற்கும், அதற்குரிய வரவை எடுப்பதற்கும் கடைசி நாள் 2026 நவம்பர் 30. ஆண்டுக் கணக்கை அதற்கு முன்பே தாக்கல் செய்துவிட்டால் அந்த நாளோடு வாய்ப்பு முடிந்துவிடும். அதன் பிறகு சப்ளையர் மனம் வைத்தாலும் அந்த 6,480 ரூபாய் வரவு கம்பெனிக்குக் கிடைக்காது.